ஒரு சிமிழ் மை: சிங்கப்பூரில் ஐந்து நாள்

அக்டோபர் 9, 2025, வியாழன்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. காலை ஏழரை மணிதான். மன்னார்குடியில் ஐப்பசி மழைக்கு முன்னால் இப்படி ஒரு புழுக்கம் வரும், ஆனால் இரண்டு நாளில் போய்விடும். இங்கே வருடம் முழுக்க இப்படித்தான் என்று காரோட்டி வந்த அண்ணன் சொன்னார்.

பெரியம்மா மூன்று மாதத்துக்கு முன்புதான் அங் மோ கியோவிலிருந்து பொங்கோலுக்கு, அண்ணனின் புது வீவக வீட்டுக்கு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடி வந்திருக்கிறார். பதினான்காம் மாடி. மின்தூக்கியில் ஏறும்போது உடன் வந்த மலாய்ப் பெண்மணி என் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் நன்றி சொல்வதற்குள் அவருடைய மாடி வந்துவிட்டது. அண்ணனின் மாடியும் அதேதான், பக்கத்து வீடு.

எழுபத்து மூன்று வயதில் பெரியம்மா இளைத்திருக்கிறார். கட்டிக்கொண்டு, "வா வா, குளிச்சிட்டு சாப்பிடு" என்றார். இட்லியும் நெத்திலி சம்பாலும் வைத்தார். இட்லிக்கு நெத்திலி சம்பாலா என்று தயங்கினேன். நான்கு இட்லி போனது தெரியவில்லை.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்தது அதற்குப் பிறகுதான். சமையலறையை ஒட்டித் துணி காயப்போடும் சிறு இடத்தில், மூங்கில் கழியில் அண்ணனின் சட்டைகளுக்கு நடுவே, நான்கு விரல் அகலத்தில் ஒரு சாண் நீளத் துணித் துண்டு தனியாகத் தொங்கியது. கரும்பச்சை நிறம். கை துடைக்கும் துணி என்று நினைத்துத் தொடப் போனேன். "அதத் தொடாத, அது சின்னுவுக்கு" என்றார் பெரியம்மா.

சின்னு என்பது அண்ணனின் மகள். 2016இல் படிக்க எடின்பரோ போனவள் அங்கேயே வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் பெரியம்மா அவளுக்குக் கண் மை செய்து, ஒரு குங்குமச் சிமிழில் அடைத்து, பொட்டலம் கட்டி அனுப்புகிறார். இது பத்தாவது வருடம். வேறு எதுவும் அனுப்புவதில்லை. முறுக்கு, அதிரசம் எல்லாம் அவளே அங்கே ஏதோ கடையில் வாங்கிக்கொள்கிறாளாம். மை மட்டும் இங்கிருந்து.

அக்டோபர் 10, வெள்ளி

நான் பூங்காக்களைப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டு வந்திருந்தேன். காலையில் பெரியம்மா, "தேக்காவுக்குப் போவணும், கரிசலாங்கண்ணி வேணும்" என்றதும் சரி என்று கிளம்பிவிட்டேன்.

நேற்றுப் பார்த்த துணியைத் திரியாக்கி எரித்து, அதில் படியும் கரியில்தான் மை செய்கிறார். அதற்கு முன் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தி, மறுபடி நனைத்து, மறுபடி உலர்த்தி, மூன்று முறை செய்ய வேண்டும். இரண்டு முறை ஆகிவிட்டது. மூன்றாவது முறைக்குக் கீரை இல்லை. அங் மோ கியோவில் வாசல் நடைபாதையில் தொட்டி வைத்து வளர்த்தாராம். வீடு மாறும்போது அந்தத் தொட்டி வெயிலில் நின்று செடி கருகிவிட்டது.

கீழே இறங்கி ரயிலுக்கு நடக்கும்போது, புளோக்கைச் சுற்றித் தரை முழுக்க மஞ்சள் பூவோடு ஒரு கொடி படர்ந்திருந்தது. இலை, பூ எல்லாம் அப்படியே மஞ்சள் கரிசலாங்கண்ணி போல. "பெரியம்மா, இங்கேயே இருக்கே" என்றேன். அவர் நின்று ஒரு தண்டைக் கிள்ளி என் உள்ளங்கையில் கசக்கித் தேய்த்தார். "பாரு, பச்சையாவே இருக்கு. இது அழகுக்கு வச்ச செடி."

வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணி எப்படி இருக்கும் என்பதைத் தேக்கா சந்தையில் காட்டினார். கீரைக் கட்டுகளுக்கு அடியில் வாடிப்போய் இரண்டு கட்டு கிடந்தது. ஒரு தண்டை ஒடித்து என் கையில் தேய்த்து, "காப்பி குடிச்சிட்டு வந்து பாரு" என்றார். பத்து நிமிடத்தில் அந்தக் கோடு கறுத்திருந்தது. அந்தச் செடியின் சாறு காற்று பட்டதும் கறுக்கும். மஞ்சள் பூ உள்ளதற்கும் ஊரில் மருந்துக் குணம் உண்டு என்பார்கள், ஆனால் மைக்குப் பெரியம்மா வெள்ளைதான் எடுப்பார். இரண்டு கட்டு மூன்று வெள்ளி, டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வாடியதால் விலை குறைப்பீர்களா என்று நான் கேட்கப் போனேன், பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் அவராகவே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சேர்த்துப் போட்டார்.

மாடியில் துணிக்கடைகள். கீழே சாப்பாட்டுக் கடைகளில் உட்கார இடம் தேடியபோது காலியான ஒரு மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் இருந்தது. எடுத்துத் தள்ளிவிட்டு உட்காரப் போனேன். எதிரே இருந்த சீனப் பெரியவர் கையை மெல்ல அசைத்துச் சிரித்தார். டிஷ்யூ வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தமாம். அவரே தன் மேசையில் இருந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்கு இரண்டு நாற்காலி விட்டுக்கொடுத்தார். பெரியம்மாவைப் பார்த்து "ஆண்ட்டி, உட்காருங்க" என்பதுபோல ஏதோ சொன்னார். பெரியம்மா மலாயில் பதில் சொன்னார். அந்தத் தலைமுறைக்கு எல்லாருக்கும் பொதுவாக மலாய் இருக்கிறது.

இடியாப்பத்தை இங்கே புட்டு மாயம் என்கிறார்கள். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவி மூன்று வெள்ளி. தே என்கிற தேநீர் ஒரு வெள்ளி நாற்பது காசு. ஊர்க் காசில் கணக்குப் போட்டு மனசு பதறியது. இரண்டாம் வாய்க்குப் பிறகு கணக்கை விட்டுவிட்டேன்.

விளக்கெண்ணெய் வாங்கக் கடை கடையாக ஏறினோம். பெரியம்மாவுக்கு வாசனை சேர்த்தது ஆகாது, தலைக்குத் தேய்ப்பதற்கென்று வேறு எண்ணெய் கலந்ததும் ஆகாது. புட்டியைச் சாய்த்துப் பார்க்கிறார். விளக்கெண்ணெய் தேன் போல மெதுவாக நகர வேண்டும், சட்டென்று ஓடினால் கலப்படம். மூன்றாவது கடையில் கிடைத்தது.

வெளியே வரும்போது சிராங்கூன் சாலை இருண்டுவிட்டது. தீபாவளி அலங்கார வளைவுகள் காற்றில் ஆட, ஐந்து நிமிடத்தில் கொட்டிய மழை நாற்பது நிமிடம் நிற்கவில்லை. ஐந்தடி நடைபாதையில் முப்பது பேரோடு ஒதுங்கி நின்றோம். பெரியம்மா கீரைப் பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்தார். "இன்னிக்கி நனச்சா நாளைக்குள்ள காயுமா?"

ஊரில் இந்தத் துணி அரை நாளில் உலர்ந்துவிடும். இங்கே ஒன்றரை நாள். இரவு எட்டு மணிக்குச் சாறு பிழிந்து மூன்றாவது முறை நனைத்துப் போட்டோம். மழை விட்டு விட்டுப் பெய்தது.

அக்டோபர் 11, சனி

காலையில் துணியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. மாலை ஆறு மணிக்குத் தொட்டேன், காய்ந்ததுபோல இருந்தது. இருவரும் அதை நம்பினோம்.

இரவு ஒன்பது மணிக்குப் பெரியம்மா ஏற்பாடுகளைத் தொடங்கினார். ஒரு பித்தளைத் தாம்பாளம். அதன் அடிப்பக்கத்தில் சந்தனக் கட்டையை உரைத்த குழம்பை மெல்லிசாகப் பூசி மதியமே காய வைத்திருந்தார். சந்தனம் இருந்தால் கரி தட்டோடு ஒட்டாமல் சுரண்ட வரும். மூன்று எவர்சில்வர் டம்ளர்களை முக்கோணமாக வைத்து, நடுவில் அகல், அதில் விளக்கெண்ணெய், துணியைத் திரித்த திரி. டம்ளர்களின் மேல் தாம்பாளம். சுடரின் நுனி தட்டைத் தொட வேண்டும். உயரத்தில் வைத்தால் புகை பக்கவாட்டில் ஓடிவிடும், மிகத் தாழ்த்தினால் சுடர் மூச்சு முட்டி அணைந்துவிடும். அகலுக்கு அடியில் ஒரு சிறு தட்டைச் செருகி உயரம் சரிசெய்தார்.

ஏற்றியதும் திரி சடசடவென்று வெடித்தது. எண்ணெய்த் துளி தெறித்தது. சுடர் ஒரு நிமிடம் குதித்துப் பிறகு பெரிதாக எழுந்து, கறுப்புப் புகை தட்டின் விளிம்பைத் தாண்டி வரவேற்பறைக்குள் போனது. அப்புறம் கூரையிலிருந்து காதைக் கிழிக்கிற சத்தம்.

2018 ஜூன் முதல் இங்கே புதிதாகக் கட்டும் வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய அங் மோ கியோ வீட்டில் அது இல்லை. அங்கே ஒன்பது வருடம் எந்தத் தொல்லையும் இல்லாமல் மை எடுத்த பெரியம்மா, கையில் சேலைத் தலைப்போடு அந்தக் கருவிக்குக் கீழே நின்று விசிறினார். அண்ணன் ஓடி வந்து ஜன்னல்களைத் திறந்தார். அண்ணி நாற்காலி போட்டு ஏறினார். சத்தம் நின்றபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி. கையில் ஈரத் துண்டு வைத்திருந்தார். நெருப்பில்லை என்று பெரியம்மா விளக்கினார், அகலையும் தட்டையும் காட்டினார். அந்தப் பெண்மணி உள்ளே வந்து தட்டைப் பார்த்து, "சேலாக்?" என்று தன் கண்ணிமையைத் தொட்டுக் கேட்டார். மலாயில் கண் மைக்கு அந்தச் சொல்தான். அவருடைய பாட்டி செய்வாராம். கால் மணி நேரம் கழித்து ஒரு தட்டில் நான்கு பாண்டான் குவே கொண்டுவந்து கொடுத்தார். பயமுறுத்தியது நாங்கள், பலகாரம் அவருடையது. எனக்கு மிகவும் கூச்சமாக இருந்தது.

தட்டில் படிந்திருந்ததைப் பெரியம்மா விரலில் எடுத்துத் தேய்த்தார். நறநறவென்று இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளத்தது. "ஈரத் திரி. கரியில எரியாத எண்ணெயும் சேந்து வந்திருக்கு. இது ஆகாது." மொத்தத்தையும் துடைத்துப் போட்டார்.

மீதித் துணியை நான் இஸ்திரி போட்டேன். ஆவி எழும்பிற்று. அவ்வளவு ஈரம் உள்ளே இருந்திருக்கிறது. ஆவி நிற்கும்வரை தேய்த்தேன். பிறகு அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, முன்பைவிடப் பாதிக் கனத்தில் திரித்தோம். துணி உலர்த்தும் இடத்தின் கதவைச் சாத்தி, அட்டைப் பெட்டியைப் பிரித்து மூன்று பக்கமும் மறைப்பு வைத்து, பத்தரை மணிக்கு மறுபடி ஏற்றினோம். இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. கட்டைவிரல் நகம் அளவுச் சுடர், அசையாமல் நின்றது.

எரியும் விளக்கை விட்டுவிட்டுப் படுக்கக் கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம். ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் கப்பல் கதையைச் சொன்னார்.

1971இல் பெரியம்மாவுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஆறு மாதம். பெரியப்பா சிங்கப்பூரில் இருந்தார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். படகில் ஏறும் இடத்தில் என் அம்மாச்சி ஒரு சிமிழை மகளின் கையில் வைத்தார். வீட்டில் எடுத்த மை. நெய்யில் குழைத்தது. கப்பல் சூட்டில் நெய் உருகி, சிமிழின் மூடி வழியே கசிந்து, இடுப்பில் செருகியிருந்த இடத்தில் புதுச் சேலை முழுக்கக் கறை. பினாங்கு வருவதற்குள் சிமிழில் பாதி இல்லை. "சேல போனதுக்கு அழல. அம்மா குடுத்தது பாதி போயிடிச்சின்னு அழுதேன்" என்றார். மீதிப் பாதியை ஒரு வருடம் வைத்திருந்தாராம். அடுத்து அம்மாச்சியைப் பார்க்க ஏழு வருடம் ஆனது.

சுடரையே பார்த்துக்கொண்டு சொன்னார். இடையில் ஒரு முறை எண்ணெய் ஊற்றினார். ஒன்றரை மணிக்கு ஊதாமல், திரியை எண்ணெய்க்குள் இழுத்து அணைத்தார். ஊதினால் கரி பறந்துவிடும்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் தட்டைத் திருப்பினோம். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு வெல்வெட் போல. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பெரியம்மா பழைய அஞ்சல் அட்டை ஒன்றின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டினார். மூன்று மணி நேரம் எரித்ததற்கு அரைத் தேக்கரண்டி கரிதான் கிடைத்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல வழுக்கியது.

அதில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும். ஒரு சொட்டு, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தல், மறுபடி ஒரு சொட்டு. முதல் மூன்று சொட்டுக்குக் கரி உருண்டை உருண்டையாகத் திரண்டது, இது சேராது என்று நினைத்தேன். ஐந்தாவதில் இளகியது. ஏழாவது சொட்டோடு நிறுத்தி, கால் மணி நேரம் விடாமல் தேய்த்தார். என்னிடம் கொடுத்தார், நானும் தேய்த்தேன், என் மணிக்கட்டு வலித்தது, அவருக்கு வலிக்கவில்லை.

"நெய்யில்தானே அம்மாச்சி செய்வாங்க?" என்று கேட்டேன்.

2016இல் சின்னுவுக்கு அனுப்பிய முதல் சிமிழ் நெய்யில் செய்ததுதான், பித்தளைச் சிமிழ். அடுத்த வருடம் அவள் விடுமுறைக்கு வந்தபோது சிமிழைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பெரியம்மா திறந்து பார்த்தார். மை கொடுத்தபடியே இருந்தது. நடுவில் மட்டும் நகத்தால் கீறிய தடம். எடின்பரோ குளிரில் நெய் மெழுகு போல உறைந்திருக்கிறது. ஓரத்தில் பச்சை படிந்திருந்தது, பித்தளையில் எண்ணெய்ப் பசை நாள்பட நின்றால் களிம்பு ஏறும். சின்னு எதுவும் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது பாட்டி என்றுதான் சொல்லியிருக்கிறாள். அந்த வருடமே பெரியம்மா விளக்கெண்ணெய்க்கும் எவர்சில்வர் திருகுச் சிமிழுக்கும் மாறிவிட்டார். விளக்கெண்ணெய் அந்தக் குளிருக்கு உறைவதில்லை, கொஞ்சம் கெட்டிப்படும், விரல் சூட்டில் இளகிவிடும்.

சிமிழ்கள் மொத்தம் இரண்டே. ஒன்று போகும்போது மற்றது அங்கே இருக்கும். தீபாவளிக்குப் புதியது போய்ச் சேர்ந்ததும், சின்னு பழையதைக் கழுவாமல், அப்படியே திருப்பி அனுப்புகிறாள். கழுவாதே என்பது பெரியம்மாவின் கட்டளை. எனக்கு அதைக் காட்டினார். உள்ளே கால்வாசி மை மிச்சம், நடுவில் விரல் எடுத்த குழி, ஓரமெல்லாம் வழித்த தடம். "இது நல்ல வருஷம்" என்றார். 2020இல் விமானங்கள் குறைந்து பொட்டலம் போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று. அந்தச் சிமிழ் திரும்பி வந்தபோது ஒரே ஒரு விரல் தடம்தான் இருந்ததாம். தொலைபேசியில் பேத்தி தினமும் சிரித்துத்தான் பேசினாள். சிமிழைப் பார்த்த பிறகு பெரியம்மா தினம் இரண்டு முறை அழைக்கத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணி செவிலியர். வீட்டில் செய்த மையைக் கண்ணுக்குள் தீட்டக் கூடாது, குழந்தைகளுக்குக் கூடவே கூடாது என்பதில் அவர் கறாராக இருக்கிறார். கரித்தூளும் அழுக்கு விரலும் கண்ணில் கிருமித் தொற்றைக் கொண்டுவரும், கடையில் பெயர் தெரியாமல் விற்பதில் ஈயம்கூட இருக்கலாம் என்றார். பெரியம்மா மறுக்கவில்லை. சின்னு கண்ணுக்குத் தீட்டுவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போகும் நாளில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு, அவ்வளவுதான். முடிக்குள் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது.

மதியம் அண்ணன் எங்களை வெளியே கூட்டிப்போனார். மீன் தலைக் கறி. ஆறு பேர் சாப்பிடும் சட்டியில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதந்தன. புளிப்பும் காரமும் நம் ஊர் மீன் குழம்புதான், தலை மட்டும் நான் பார்த்ததிலேயே பெரியது. பெரியம்மா மீன் கன்னத்துச் சதையைப் பிய்த்து என் இலையில் வைத்தார். பேசிக்கொண்டே அடிக்கடி மணி பார்த்தார். வீட்டில் சோதனை ஒன்று நடந்துகொண்டிருந்தது.

கிளம்பும் முன் ஒரு அரிசி அளவு மையை, தமிழ் முரசு தாளின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்து பார்த்தோம். மையைச் சுற்றிக் காகிதத்தில் எண்ணெய் வளையம். சுண்டுவிரல் நகத்தைவிட வளையம் பெரிதாக இருந்தால் எண்ணெய் அதிகம், வழியில் பிரிந்து கசியும். வளையமே இல்லையென்றால் எண்ணெய் போதாது, ஒரு மாதத்தில் காய்ந்து உதிரும். எங்களுடையது நகத்தைவிடச் சற்றே பெரிது. பெரியம்மா யோசித்தார். முதல் தட்டில் கிடைத்த கரியை நேற்று துடைத்துப் போட்டுவிட்டதால் சேர்க்க வேறு கரி இல்லை. தாம்பாளத்தின் விளிம்பில் ஒட்டியிருந்ததை மறுபடி சுரண்டி, ஒரு சிட்டிகை கிடைத்ததைச் சேர்த்துக் குழைத்தார்.

சிமிழில் நிரப்பி, மேலே வட்டமாக வெட்டிய மெழுகுத்தாள் வைத்து, மூடியைத் திருகி, திருகின இடத்தில் வெள்ளை ஒட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றி, முரசின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தார். இரவு இரண்டு முறை எழுந்து விளக்குப் போட்டுப் பார்த்தது எனக்குக் கேட்டது.

அக்டோபர் 13, திங்கள்

விடியற்காலை பெருங்காற்றோடு மழை. ஆறு மணிக்குப் பெரியம்மா சிமிழைத் தூக்கினார். காகிதம் சுத்தமாக இருந்தது.

கட்டுவதற்கு முன் கைகழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து ஒரு பழைய சுங்குடிச் சேலையை எடுத்தார். ஓரத்திலிருந்து கைக்குட்டை அளவு கிழித்தார். அந்தச் சேலையில் ஏற்கெனவே ஒன்பது துண்டு இல்லை. சின்னு குழந்தையாக இருந்தபோது தொட்டில் கட்டிய சேலை. சிமிழைப் பஞ்சில் சுற்றி, சேலைத் துண்டில் முடிந்து, அதற்கு மேல் நேற்றைய தமிழ் முரசு. எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் எடுக்கிறார். விபத்து, சாவு இருக்கும் பக்கம் ஆகாது. விளம்பரம் மட்டும் இருக்கும் பக்கமும் ஆகாது. பள்ளியில் தாய்மொழியாகத் தமிழ் படித்தவள், அங்கே பிரித்ததும் உட்கார்ந்து படிப்பாளாம். இந்த வருடம் ஒரு சமையல் குறிப்பும் சிறு கட்டுரையும் இருந்த பக்கம் கிடைத்தது. எழுத்து உள்பக்கம் கசங்காதபடி மடித்தார். பிறகு சிறு அட்டைப் பெட்டி, பழுப்புக் காகிதம். கையெழுத்தில் முகவரி, தமிழில் மேலே "சின்னுவுக்கு" என்று.

அஞ்சலகத்தில் தீபாவளிக் கூட்டம். முன்னால் பதினேழு பேர். பெரியம்மாவைப் பார்த்ததும் ஒரு இளைஞன் தன் இருக்கையை விட்டு எழுந்தான், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. எங்கள் எண் வந்தது. உள்ளே என்ன என்று முகப்பில் இருந்த பெண் கேட்டார். சுங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் "மை" என்பதை அண்ணன் இங்க் என்று எழுதிவிட்டாராம், திரவமா என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். இப்போது கண்ணுக்கான ஒப்பனைப் பொருள், பசை, அன்பளிப்பு என்று சொல்லிவிடுகிறார். மதிப்பு ஐந்து வெள்ளி. பிரிட்டனுக்குப் போகும் அன்பளிப்பு 39 பவுண்டுக்குள் இருந்தால் அங்கே வரி இல்லை. அஞ்சல் செலவு அந்த ஐந்து வெள்ளியைவிடப் பல மடங்கு. பெரியம்மா தன் சுருக்குப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார், என்னை விடவில்லை.

பெட்டி தராசில் வைக்கப்பட்டு, ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்டு, பின்னால் இருந்த கூடைக்குள் போகும்வரை அவர் முகப்பை விட்டு நகரவில்லை. பக்கவாட்டில் போட்டார்கள். "நிமித்தி வைக்கச் சொல்லேன்" என்றார் என்னிடம். நான் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து போய் நிமிர்த்தி வைத்தார்.

நாளைக்கு எனக்கு விமானம். பூங்கா எதையும் பார்க்கவில்லை.

அக்டோபர் 29, புதன் (மன்னார்குடியிலிருந்து)

நேற்று இரவு அண்ணன் குடும்பக் குழு அழைப்பில் என்னையும் சேர்த்தார். தீபாவளி கழிந்து எட்டு நாள் தாமதமாகப் பொட்டலம் போய்ச் சேர்ந்திருக்கிறது. சின்னு மேசையில் முரசுத் தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசினாள். காதுக்குப் பின்னால் திருப்பிக் காட்டினாள். திரையில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பெரியம்மா, "கசிஞ்சிதா?" என்று கேட்டார்.

"இல்ல பாட்டி, நல்லா இருக்கு."

"பேப்பர காமி."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு முரசுத் தாளைத் தூக்கிக் கேமராவுக்கு அருகில் பிடித்தாள். சமையல் குறிப்புக்குப் பக்கத்தில், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு, வெளிச்சம் ஊடுருவும் எண்ணெய்க் கறை.

"ஏழு சொட்டு அதிகம். அடுத்த வருஷம் ஆறே விடறேன்" என்றார் பெரியம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீதானே கூட இருந்தே, எழுதி வச்சுக்க" என்றார்.